மிதவை முறையில் ஓடை நீரோட்டம்: விடை தப்பினால் எங்கே பார்ப்பது

ஒரே ஓடை, ஒரே காலை, இரண்டு குழுக்கள். ஒரு குழுவின் விடை விநாடிக்கு 1.13 கன மீட்டர். அடுத்த குழுவுக்கு 0.43. இரண்டு குழுவும் குறுக்கே கட்டிய அதே இரண்டு கயிற்றுக்கும் நடுவில்தான் ஆரஞ்சுப் பழத்தை மிதக்க விட்டார்கள். "மிஸ், தண்ணி ஏறிடுச்சா?" என்று ஒரு பையன் கேட்டான். தண்ணீர் ஏறவில்லை. கரையில் நட்ட குச்சியில் நீர்மட்டம் அசையவே இல்லை. தவறு கணக்கில் இருந்தது.

தாம்பரத்துக்கு மேற்கே, அடையாற்றில் போய்ச் சேரும் ஓர் ஏரி உபரிக் கால்வாய்க்குப் பதினோராம் வகுப்புப் பிள்ளைகளை மழைக்காலம் முடிந்ததும் ஜனவரியில் கூட்டிப் போவேன். ஒவ்வொரு வருடமும் அதே தவறுகள்தான் வேறு வேறு முகத்தோடு வருகின்றன. அதனால் அறிகுறியை வைத்துக் காரணத்தைத் தேடும்படி இதை எழுதுகிறேன். உங்கள் நோட்டில் எந்த எண் இடறுகிறதோ அந்தப் பகுதியிலிருந்து படிக்கலாம்.

முறை இதுதான். ஓடையில் நேராக ஓடும் ஒரு துண்டைத் தேர்ந்து, மேலே ஒரு கயிறும் கீழே ஒரு கயிறும் குறுக்கே கட்டுகிறோம். மிதவை ஒரு கயிற்றிலிருந்து மற்றதற்குப் போக எத்தனை விநாடி ஆகிறது என்று பார்த்தால் மேற்பரப்பு வேகம் கிடைக்கும். ஆழங்களை அளந்தால் குறுக்குவெட்டுப் பரப்பு கிடைக்கும். இரண்டையும் பெருக்கி, ஒரு திருத்தக் கெழுவால் குறைத்தால் பாய்வு வீதம். முழங்காலுக்கு மேல் தண்ணீர் இருந்தால் யாரும் இறங்கக் கூடாது. நம் ஊர் ஓடைகளில் கழிவுநீர் கலக்கிறது, அதனால் ரப்பர் பூட்ஸும் கையுறையும் கட்டாயம். ஏரியில் மதகு திறந்திருக்கும் நாளில் பயணத்தையே தள்ளிப் போடுங்கள்.

அறிகுறி: விடை நம்ப முடியாத அளவுக்குப் பெரிதாக வருகிறது

பெரும்பாலான குழுக்கள் வந்து நிற்பது இங்கேதான், அதனால் இதை விரிவாகவே பார்ப்போம். அந்த 1.13-ஐப் பிரித்துப் பார்த்தபோது மூன்று தவறுகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தன.

முதலில் பரப்பு. கால்வாயின் அகலம் 5.4 மீட்டர். ஒரு கரையிலிருந்து 0.6 மீட்டருக்கு ஒரு முறை ஆழம் பார்த்தோம். கிடைத்த எட்டு ஆழங்கள், மீட்டரில்: 0.10, 0.18, 0.26, 0.36, 0.42, 0.38, 0.28, 0.12. இரண்டு கரையோரத்திலும் ஆழம் பூஜ்யம். முதல் குழு இவற்றில் பெரிய எண்ணான 0.42-ஐ எடுத்து அகலத்தால் பெருக்கியது. வந்தது 2.27 சதுர மீட்டர். ஓடை ஒரு பெட்டி போல இருந்தால் இது சரி. ஆனால் ஓடை ஒரு வாணலி. ஓரங்களில் ஒன்றுமே இல்லை.

சரியான வழியில் ஒவ்வொரு 0.6 மீட்டர் துண்டையும் ஒரு சரிவகமாக எடுத்துக் கூட்ட வேண்டும். துண்டுகள் எல்லாம் சம அகலமாகவும் இரு கரையிலும் ஆழம் பூஜ்யமாகவும் இருந்தால் அது ஒரே வரியில் முடிந்துவிடும்:

```
0.6 × (0.10+0.18+0.26+0.36+0.42+0.38+0.28+0.12)
= 0.6 × 2.10 = 1.26 சதுர மீட்டர்
```

இங்கே இன்னொரு பொறி இருக்கிறது. கவனமான பிள்ளைகளே இதில் விழுகிறார்கள். எட்டு ஆழங்களைக் கூட்டி எட்டால் வகுத்துச் சராசரி கண்டு, அதை அகலத்தால் பெருக்குவார்கள். அப்போது 1.42 வரும். எட்டு அளவுகள் இருந்தாலும் துண்டுகள் ஒன்பது. கரையோரப் பூஜ்யங்களும் தண்ணீரின் வடிவத்தைச் சொல்லும் அளவுகள்தான், அவற்றை விட்டால் ஓரங்கள் கணக்கில் ஆழமாகிவிடும். ஒன்பதால் வகுத்தால் சராசரி ஆழம் 0.233 மீட்டர், பரப்பு மறுபடியும் 1.26. உங்கள் பரப்பு சரியா என்று பார்க்க இந்தச் சோதனை போதும்.

அடுத்தது வேகம். முதல் குழு நடு ஓடையில் மட்டும் மிதவையை விட்டது. 15 மீட்டர் தூரத்துக்கு 30 விநாடி, அதாவது விநாடிக்கு 0.50 மீட்டர். கரையோரத்தில் புல்லும் மண்ணும் தண்ணீரைப் பிடித்து இழுக்கின்றன. அங்கே விட்டால் அதே தூரத்துக்கு 50 விநாடி ஆனது. எனவே ஓடையை அகலத்தில் மூன்று பங்காகப் பிரித்து, ஒவ்வொரு பங்கின் நடுவிலும் மிதவையை விட வேண்டும். நமக்குக் கிடைத்தவை: இடப்பக்கம் 50 விநாடி, நடுவில் 30, வலப்பக்கம் 40.

மூன்று வேகத்துக்கும் சும்மா சராசரி போட்டுவிடாதீர்கள். நடுப்பங்கில்தான் தண்ணீரும் அதிகம், வேகமும் அதிகம். பங்கு பங்காகப் பெருக்கிக் கூட்டினால் அந்த நியாயம் தானாகவே கணக்கில் வந்துவிடும்:

```
இடம்   0.246 × 0.300 = 0.074
நடு    0.660 × 0.500 = 0.330
வலம்   0.354 × 0.375 = 0.133
மொத்தம்              = 0.537
```

மூன்று பரப்புகளையும் கூட்டினால் 1.26 வருகிறதா என்று முதலில் பாருங்கள். ஒரு பங்கின் எல்லையில் இருக்கும் ஆழம் (இங்கே 0.26-உம் 0.38-உம்) இரண்டு பங்குக்கும் பாதிப் பாதியாகப் போக வேண்டும். கூட்டல் இடறினால் அங்கேதான் இடறியிருக்கும்.

மூன்றாவது, கெழு. ஆரஞ்சுப் பழம் சொல்வது மேற்பரப்பின் வேகத்தை மட்டும். அடியில் கல், வேர், மண் எல்லாம் உராய்வதால் கீழே தண்ணீர் மெதுவாகவே நகர்கிறது. ஆகவே மேற்பரப்பு வேகம் சராசரி வேகத்தைவிடக் கூடுதல். பொதுவாக 0.85 என்று எடுத்துக்கொள்வார்கள். கல்லும் புல்லுமாகக் கரடுமுரடான அடித்தளத்துக்கு 0.8, வழவழப்பான சேற்று அடித்தளத்துக்கு 0.9 என்பதும் வழக்கம். எங்கள் கால்வாயில் தண்ணீர் ஆழமில்லை, அடியெல்லாம் கோரை, அதனால் 0.8 எடுத்தோம். 0.537-ஐ 0.8-ஆல் பெருக்கினால் 0.43. இரண்டாவது குழுவின் விடை இதுதான்.

முதல் குழுவின் மூன்று தவறுகளும் எவ்வளவு பெருக்கின என்று பாருங்கள். பரப்பு 1.8 மடங்கு, வேகம் கிட்டத்தட்ட 1.17 மடங்கு, கெழு இல்லாமை 1.25 மடங்கு. மூன்றையும் பெருக்கினால் 2.64 மடங்கு. மூன்றுமே விடையை ஒரே பக்கம், மேலே, தள்ளுகின்றன. அதனால்தான் மிதவை முறையில் வரும் தவறான விடை பெரும்பாலும் பெரிதாகவே இருக்கிறது. விடை பெரிதாக இருந்தால் பரப்பை முதலில் பாருங்கள், கெழுவைக் கடைசியில் பாருங்கள்.

கெழுவைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அது அளந்த எண் இல்லை, தேர்ந்தெடுத்த எண். 0.7 எடுத்திருந்தால் விடை 0.38, 0.9 எடுத்திருந்தால் 0.48. ஆகவே 0.4296 என்று நான்கு இலக்கம் எழுதுவதில் அர்த்தமில்லை. 0.43 என்று எழுதி, எந்தக் கெழு, ஏன் என்று பக்கத்தில் ஒரு வரி எழுதுங்கள். மதிப்பெண் போடும்போது நான் முதலில் தேடுவது அந்த ஒரு வரியைத்தான்.

அறிகுறி: ஒவ்வொரு முறை விட்டபோதும் வேறு வேறு நேரம்

இரண்டு விதமாக இது வரும். எல்லா எண்களும் சிதறினால் ஒரு காரணம், ஒரே ஒரு எண் மட்டும் விலகி நின்றால் வேறு காரணம்.

எல்லாம் சிதறினால் தூரம் போதவில்லை. ஒரு வருடம் இடமில்லை என்று 5 மீட்டரில் செய்தோம். 8, 11, 9, 12 விநாடிகள் வந்தன. வேகமாக மாற்றினால் 0.42-இலிருந்து 0.63 வரை. ஓடை அப்படியெல்லாம் மாறவில்லை. தொடக்கத்தில் கை தூக்கியவள் அரை விநாடி தாமதம், முடிவில் ஸ்டாப்வாட்சை அழுத்தியவன் அரை விநாடி முந்தல், அவ்வளவுதான். பத்து விநாடிப் பயணத்தில் ஒரு விநாடிப் பிழை என்பது பத்தில் ஒரு பங்கு. மிதவைக்குக் குறைந்தது 20 விநாடியாவது ஆகும்படி தூரத்தை வையுங்கள். 30 ஆனால் இன்னும் நல்லது.

மிதவையைக் கயிற்றின் மேலேயே வைத்து விடுவதும் இதே குழப்பத்தைத் தரும். கையிலிருந்து விட்டதும் அது தண்ணீரின் வேகத்துக்கு வரச் சற்று நேரம் பிடிக்கும். தூக்கி எறிந்தால் அந்த வேகமும் சேர்ந்துகொள்ளும். மேல் கயிற்றுக்கு இரண்டு மூன்று மீட்டர் முன்னாலேயே மெல்ல விட்டு, கயிற்றைத் தாண்டும் நொடியில் நேரத்தைத் தொடங்குங்கள். நேரம் பார்ப்பவர் கயிற்றுக்கு நேர் எதிரே நிற்க வேண்டும். பக்கவாட்டில் நின்று பார்த்தால் மிதவை கயிற்றைத் தாண்டும் முன்பே தாண்டியது போலத் தெரியும்.

ஒரே எண் மட்டும் விலகினால் அது வேறு கதை. நடுப்பங்கில் எங்களுக்கு 29, 31, 30, 30 வந்த பிறகு ஒரு 44 வந்தது. கோரையில் பழம் ஒரு கணம் சிக்கியதைக் கரையிலிருந்த எல்லோரும் பார்த்தோம். அந்த 44-ஐ அடித்துவிட்டு "கோரையில் சிக்கியது" என்று எழுதினோம். யாரும் எதையும் பார்க்காமல், எண் பிடிக்கவில்லை என்பதற்காக மட்டும் அடிக்கக் கூடாது. அப்படி ஒரு எண் வந்தால் இன்னும் மூன்று முறை விட்டுப் பாருங்கள்.

மிதவை ஓரத்தில் ஒரே இடத்தில் வட்டமடித்தால் அங்கே தண்ணீர் கீழே போகவில்லை என்று பொருள். அது சுழல். அந்த அகலத்தைப் பரப்பிலிருந்தே கழித்துவிடுங்கள். முடிந்தால் சுழல் இல்லாத வேறு துண்டுக்கு நகருங்கள், அதுதான் நேர்மையான வழி.

அறிகுறி: மிதவை நகரவில்லை, அல்லது மேலே போகிறது

சென்னையில் இதற்கு இரண்டு காரணங்கள், இரண்டுமே கடலிலிருந்து வருபவை.

முதலாவது காற்று. அடையாறும் கூவமும் மேற்கிலிருந்து கிழக்கே ஓடுகின்றன. கடற்காற்று கிழக்கிலிருந்து வருகிறது. அதாவது நண்பகலை ஒட்டிக் காற்று எழும்போது மிதவையின் முகத்திலேயே அடிக்கும். தெர்மாகோல் துண்டு, காலி பாட்டில் போன்றவை தண்ணீருக்கு மேலே துருத்திக்கொண்டிருப்பதால் காற்றுக்குப் பாய்மரம் போல ஆகிவிடும். ஒரு குழு காலை எட்டு மணிக்கும் பதினோரு மணிக்கும் தெர்மாகோலில் அளந்துவிட்டு, "ஓடை மெதுவாகிடுச்சு" என்று எழுதியது. ஆரஞ்சுப் பழத்தை விட்டுப் பார்த்தோம். எட்டு மணி வேகமே வந்தது.

பழம் ஏன் நல்லது என்றால் அது பெரும்பாலும் மூழ்கியே மிதக்கும், தோல் மட்டும் கொஞ்சம் வெளியே தெரியும், நிறமும் கண்ணுக்குப் பளிச்சென்று படும். தொலைந்து போனாலும் ஓடைக்குக் கெடுதல் இல்லை. தோலை உரித்துவிடாதீர்கள், உரித்தால் மூழ்கிவிடும். பழம் இல்லையென்றால் சிறிய பாட்டிலில் மூடி மட்டும் வெளியே தெரியும் அளவுக்குத் தண்ணீர் நிரப்பிக்கொள்ளலாம். அதைக் கீழே ஒருவர் நின்று பிடித்துவிட வேண்டும். கையில் கிடைக்கிறதே என்று ஆகாயத்தாமரையைப் பறித்து விடுகிறார்கள். அதன் இலை நிமிர்ந்து காற்றை வாங்கும், வேர் அடியில் உரசும், இரண்டும் வேண்டாம்.

இரண்டாவது காரணம் ஓதம். கோட்டூர்புரம் பாலத்தடியிலோ திரு.வி.க. பாலத்தடியிலோ அளக்கலாமா என்று ஒவ்வொரு வருடமும் கேட்பார்கள், பள்ளிக்குப் பக்கம் என்பதால். வேண்டாம். அங்கே அடையாறு கடலோடு பேசிக்கொண்டிருக்கிறது. நம் கடற்கரையில் ஒரு நாளில் இரண்டு முறை கடல் ஏறி இறங்கும். ஏறும் நேரத்தில் ஆறு தேங்கும், சில சமயம் பின்னோக்கியே நகரும். முகத்துவாரத்தில் மணல் மேடிட்டு அடைத்திருந்தால் நிலைமை இன்னும் குழப்பம். இதைவிட ஏமாற்றும் விஷயம் ஒன்று உண்டு: உப்புநீர் கனமானது, அதனால் அடியில் அது உள்ளே வந்துகொண்டிருக்கும்போதே மேலே நல்ல நீர் வெளியே போய்க்கொண்டிருக்கலாம். மிதவை அழகாகக் கிழக்கே போகும், எண்ணும் கிடைக்கும். ஆனால் 0.8 என்ற கெழுவுக்கு அங்கே எந்தப் பொருளும் இல்லை. ஓதம் எட்டாத தூரத்துக்குப் பேருந்து பிடித்துப் போவதைத் தவிர வேறு தீர்வு இல்லை.

அறிகுறி: ஒரே இடத்தில் மறுபடி அளந்தால் ஆழம் கூடுகிறது

கோல் சேற்றில் இறங்குகிறது. முனை கூர்மையான கம்போ மெல்லிய குழாயோ ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கூடுதலாக உள்ளே போகும். 5 சென்டிமீட்டர்தானே என்று தோன்றும். ஆனால் சராசரி ஆழமே 23 சென்டிமீட்டராக இருக்கும் ஓடையில் எல்லா இடத்திலும் 5 கூடினால், பரப்பு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கூடிவிடும். கெழுவை எடுப்பதா வேண்டாமா என்று யோசித்த அளவு பிழை இங்கே சத்தமில்லாமல் நுழைகிறது.

கோலின் அடியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பலகைத் துண்டை ஆணி அடித்துக்கொள்ளுங்கள். மெதுவாக இறக்கி, தட்டு மண்ணைத் தொட்டதும் அழுத்தாமல் நிறுத்த வேண்டும். பிடிப்பவர் கோலுக்குக் கீழ்ப்புறம் நிற்கட்டும். மேற்புறம் நின்றால் காலைச் சுற்றி வரும் தண்ணீர் அளவைக் கெடுக்கும், கிளறிய சேற்றில் எதுவும் தெரியாது. டேப்பையும் ஒரு முறை பாருங்கள். அது ஓட்டத்துக்குச் செங்குத்தாக இல்லாமல் சாய்வாகக் கட்டியிருந்தால் அகலம் கூடி, பரப்பும் கூடும்.

அறிகுறி: மேல் கயிற்றில் ஒரு விடை, கீழ்க் கயிற்றில் வேறு விடை

எங்களுக்கு மேல் கயிற்றுக்கு அடியில் பரப்பு 1.31, நடுவில் 1.26, கீழே 1.20. அதே வேகத்தால் பெருக்கியபோது மேலே 0.45, கீழே 0.41. "15 மீட்டருக்குள்ள தண்ணி எங்க மிஸ் போச்சு?" என்று ஒரு பெண் கேட்டாள். கேள்வி சரியானது, ஏனென்றால் தண்ணீர் எங்கும் போகவில்லை.

ஓடை குறுகும் இடத்தில் தண்ணீர் வேகமாகிறது, அகலும் இடத்தில் மெதுவாகிறது. மிதவை தரும் நேரம் அந்த 15 மீட்டர் முழுவதற்கும் சேர்ந்த நேரம். எனவே அந்த வேகத்தை ஒரு முனையின் பரப்போடு சேர்ப்பது பொருந்தாது. மூன்று இடத்துப் பரப்பின் சராசரியோடு சேர்க்க வேண்டும். எங்கள் மூன்றின் சராசரி 1.26, நடுவில் அளந்ததும் அதேதான், அதனால் மேலே காட்டிய கணக்கு நின்றது. மேலும் கீழும் பாதிக்குப் பாதி வித்தியாசம் வந்தால் சராசரி காப்பாற்றாது. அது தப்பான துண்டு, நேராகவும் சீராகவும் உள்ள இடத்துக்கு மாறுங்கள்.

நம் ஊரில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். இரண்டு கயிற்றுக்கும் நடுவில் கரையிலிருந்து ஏதாவது குழாய் உள்ளே கொட்டுகிறதா? தெருவின் மழைநீர் வடிகாலோ வீட்டுச் சாக்கடையோ புல்லுக்குள் மறைந்திருக்கும். கயிறு கட்டுவதற்கு முன்பே இரண்டு கரையிலும் ஒரு முறை நடந்து பார்த்துவிடுங்கள்.

அறிகுறி: விடை செய்தித்தாள் எண்ணோடு ஒத்துப் போகவில்லை

செய்தியில் ஏரித் திறப்பை விநாடிக்கு இத்தனை கன அடி என்பார்கள், நாம் கன மீட்டரில் கணக்குப் போடுகிறோம். ஒரு கன மீட்டர் என்பது 35.3 கன அடி. எங்கள் 0.43 ஏறத்தாழ 15 கன அடி. லிட்டரில் சொன்னால் விநாடிக்கு 430. "430 வந்திருக்கு மிஸ், செம்பரம்பாக்கம் மாதிரி" என்று ஒருவன் துள்ளினான். 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கத்திலிருந்து திறந்ததாகச் செய்திகளில் வந்தது விநாடிக்கு 29,000 கன அடி, அதாவது 820 கன மீட்டருக்குச் சற்று மேல். எங்கள் கால்வாயைப் போலக் கிட்டத்தட்ட 1,900 கால்வாய்கள் ஒன்றாக ஓடினால்தான் அது. அவனை நோட்டில் ஒவ்வொரு நெடுவரிசையின் தலையிலும் அலகை எழுதச் சொன்னேன். அதற்கு முன் ஆழத்தைச் சென்டிமீட்டரிலும் அகலத்தை மீட்டரிலும் வைத்து அப்படியே பெருக்கியிருந்ததும் அப்போதுதான் அவனுக்கே தெரிந்தது.